கடைசித் தேதியில் கட்டப்பட்டிருக்கும் தகுதி: டெண்டர் அறிவிப்பைச் சிறு ஒப்பந்ததாரர் எங்கிருந்து படிக்க வேண்டும்?

புதுடெல்லி: அரசுக் கட்டுமானப் பணிகளுக்கான டெண்டர் அறிவிப்பு வெளியானதும் சிறு ஒப்பந்ததாரர்கள் பலர் முதலில் பார்ப்பது மதிப்பீட்டுத் தொகையை, அடுத்து, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை. தகுதி நிபந்தனைகள் ஒரு பக்கம், தேதிகள் இன்னொரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருப்பதால் தனித்தனியாகவே படிக்கப்படுகின்றன. உண்மையில் தகுதிக் கணக்கின் பெரும்பகுதி அந்தக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிடப்படுகிறது. அந்தத் தேதி பத்து நாள் நகர்ந்தால் தகுதியுள்ளவர் தகுதி இழக்கலாம். தகுதியற்றவர் தகுதி பெறவும் கூடும்.

இதை ஒரு மாதிரிக் கணக்கின் வழியே பார்ப்பது எளிது. மத்தியப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில் பணிபுரியும் ஒரு சிறு ஒப்பந்ததாரரை எண்ணிக்கொள்வோம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு 90 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் கட்டடம் கட்ட டெண்டர் அறிவிப்பு வருகிறது. வெளியான நாள் 2026 ஜனவரி 20. மின்னணு முறையில் விண்ணப்பிக்கக் கடைசி நேரம் பிப்ரவரி 10, பிற்பகல் 3 மணி. நடுவே சரியாக மூன்று வாரங்கள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் விளம்பர டெண்டர்களுக்குச் சாதாரணமாகக் குறிப்பிடும் குறைந்தபட்ச அவகாசமும் இதுதான். ஆவணம் தாமதமாகக் கிடைத்தால் கிடைத்த நாளிலிருந்து அந்த அவகாசம் எண்ணப்பட வேண்டும்.

நாற்பது, அறுபது, எண்பது

மத்தியப் பொதுப்பணித் துறையின் டெண்டர்களில் நெடுங்காலமாகக் காணப்படும் அனுபவ நிபந்தனை மூன்று வழிகளைத் திறந்து வைக்கிறது. மதிப்பீட்டுத் தொகையில் 40 சதவீதத்துக்குக் குறையாத மூன்று ஒத்த பணிகளையோ, 60 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு பணிகளையோ, 80 சதவீதத்துக்குக் குறையாத ஒரு பணியையோ கடந்த ஏழு ஆண்டுகளில் முடித்திருக்க வேண்டும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பர் 17-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் நடுவில் உள்ள எண் 60 அல்ல, 50. இரண்டு வகையும் இன்று நாட்டின் வெவ்வேறு அலுவலக டெண்டர்களில் புழங்குகின்றன. போன முறை பார்த்த அறிவிப்பின் நினைவில் இந்த முறை விண்ணப்பிப்பவர் இங்கேயே முதல் பிழையைச் செய்துவிடுகிறார்.

நமது 90 லட்சம் ரூபாய் பணிக்கு இந்த அளவுகள் முறையே 36 லட்சம், 54 லட்சம், 72 லட்சம். ஒப்பந்ததாரரின் கையில் ஐந்து பணிகள் உள்ளன. 2019 ஜனவரி 25-இல் முடித்த 48 லட்சம் ரூபாய் விடுதிக் கட்டடம், 2021 ஆகஸ்ட் 10-இல் முடித்த 30 லட்சம் ரூபாய் சுகாதார நிலையக் கட்டடம், 2023 நவம்பரில் நகராட்சிக்காக முடித்த 41 லட்சம் ரூபாய் வணிக வளாகம், 2024 டிசம்பர் 10-இல் ஒரு தனியார் பள்ளி அறக்கட்டளைக்கு முடித்துக் கொடுத்த 37 லட்சம் ரூபாய் வகுப்பறைத் தொகுதி ஆகியவை நான்கு. ஐந்தாவது, 52 லட்சம் ரூபாய்க்குப் போட்ட ஓர் இணைப்புச் சாலை.

சாலை முதலிலேயே விலகிவிடுகிறது. ‘ஒத்த பணி’ என்பதன் பொருளை ஒப்பந்ததாரர் தீர்மானிப்பதில்லை. அறிவிப்பிலேயே அதற்கு ஒரு வரையறை இருக்கும். இந்த அறிவிப்பில் அது ‘உள் மின்பணி, குழாய்ப் பணியுடன் கூடிய கட்டடப் பணி’. சாலை எவ்வளவு பெரிய தொகைக்கானதாக இருந்தாலும் இதில் சேராது. எஞ்சிய நான்கில் எதுவும் 54 லட்சத்தைத் தொடவில்லை. எனவே அவருக்கு உள்ள ஒரே வழி, தலா 36 லட்சத்துக்குக் குறையாத மூன்று பணிகளைக் காட்டுவது. 48, 41, 37 என்று மூன்று எண்கள் கண்முன் இருப்பதால் கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

ஏழு ஆண்டுகள் எந்த நாளில் முடிகின்றன?

விடுதிக் கட்டடத்தின் கதை இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பொதுப்பணித் துறை வகை நிபந்தனையில், ஏழாண்டுக் காலம் டெண்டர் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய நாளில் முடிகிறது. கடைசி நாள் 2026 பிப்ரவரி 10 என்றால், 2019 பிப்ரவரி 10 முதல் 2026 பிப்ரவரி 9 வரை முடிந்த பணிகள் மட்டுமே கணக்கில் வரும். விடுதி 2019 ஜனவரி 25-இல் முடிந்தது. பதினாறு நாட்களில் அது வெளியே போய்விட்டது.

கண்காணிப்பு ஆணைய நெறிகளின் வாசகமோ வேறு. அதன்படி, விண்ணப்பங்கள் கோரப்படும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஏழாண்டு முடிகிறது. இதே டெண்டர் அந்த வாசகத்தைப் பயன்படுத்தியிருந்தால் காலம் 2019 ஜனவரி 1-இல் தொடங்கி 2025 டிசம்பர் 31-இல் முடியும். விடுதிக் கட்டடம் உள்ளே இருக்கும். ஒரே பணி, ஒரே ஆண்டு எண்ணிக்கை. ஒரு வாக்கியத்தின் அமைப்பு முடிவை மாற்றிவிடுகிறது. இரண்டு வகையிலும் பொதுவாகப் பார்க்கப்படுவது பணி முடிந்த நாள்தான். தொடங்கிய நாளோ பட்டியல் தொகை கிடைத்த நாளோ அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

விடுதி போன இடத்தை நிரப்ப, 30 லட்சம் ரூபாய் சுகாதார நிலையம் வருகிறது. 36 லட்சம் கேட்கும் இடத்தில் 30 லட்சம் எப்படிப் பொருந்தும்? பழைய பணியின் மதிப்பை இன்றைய விலைநிலைக்கு உயர்த்திக்கொள்ளப் பொதுப்பணித் துறை நிபந்தனை இடம் தருகிறது. பணி முடிந்த நாளிலிருந்து டெண்டர் பெறும் கடைசி நாள் வரை, ஆண்டுக்கு 7 சதவீதம் தனிவட்டி முறையில் சேர்க்கப்படும். 2021 ஆகஸ்ட் 10 முதல் 2026 பிப்ரவரி 10 வரை நாலரை ஆண்டுகள், உயர்வு 31.5 சதவீதம். எனவே 30 லட்சத்தின் இன்றைய மதிப்பு 39 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். தகுதிக்குத் தேவையான 36 லட்சத்தை அது எளிதாகத் தாண்டிவிடுகிறது. இந்தப் பத்தியைப் படிக்காமலேயே ‘நமக்கு எட்டாது’ என்று விலகுபவர்களும் உண்டு. தகுதி நிபந்தனைகள் ஆளை வெளியேற்ற மட்டுமே எழுதப்பட்டவை என்ற எண்ணம் இந்த இடத்தில் நட்டம் தருகிறது. ஆனால் எல்லா அலுவலகங்களும் இந்த உயர்வைத் தருவதில்லை. அறிவிப்பில் அந்த வாசகம் இல்லையென்றால் 30 லட்சம் 30 லட்சம்தான்.

நகராட்சிப் பணியில் தொகைக்குக் குறைவில்லை. சிக்கல் சான்றிதழின் கையொப்பத்தில் இருக்கிறது. நிறைவுச் சான்றிதழைச் செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் வழங்கியிருக்க வேண்டும் என்று இந்த அறிவிப்பு கேட்கிறது. அவரிடம் இருப்பதோ உதவிப் பொறியாளர் ஒப்பமிட்ட சான்றிதழ். பணி உண்மை, தொகை உண்மை, ஆனால் காகிதம் செல்லாது. நகராட்சியில் மேலதிகாரியிடம் புதிய சான்றிதழோ மேலொப்பமோ பெற இருபத்தொரு நாளில் எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். அறிவிப்பைக் கையில் வாங்கிய அன்றே அவர் போக வேண்டிய முதல் இடம் அதுதான்.

முப்பதாயிரம் ரூபாய்க் குறை

மூன்றாவது பணியான பள்ளி வகுப்பறைத் தொகுதியில்தான் முழு விண்ணப்பமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. தனியாருக்குச் செய்த பணியை அனுபவமாகக் காட்டும்போது, உரிமையாளர் தரும் நிறைவுச் சான்றிதழ் மட்டும் போதாது. பணி ஆணையும், வருமான வரி பிடித்தம் செய்ததற்கான டி.டி.எஸ். சான்றிதழ்களும் இணைக்கப்பட வேண்டும், டி.டி.எஸ். சான்றிதழ்களில் தெரியும் தொகையே பணியின் மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும். பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த நிபந்தனை இது. நேர்மையாக வேலை செய்தவரையும் இது சில நேரம் பிடித்துக்கொள்கிறது.

பள்ளி கொடுத்த சான்றிதழில் 37 லட்சம் என்று இருக்கிறது. ஆனால் குறைகளைச் சீர்செய்யும் பொறுப்புக் காலத்துக்காக 4 லட்சத்தை ஓராண்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தொகைக்குப் பணம் கொடுத்தபோதுதான் வரி பிடித்தார்கள். ஆக, முதல் ஆண்டின் டி.டி.எஸ். சான்றிதழ்களில் தெரிவது 33 லட்சம். 2024 டிசம்பர் 10 முதல் 2026 பிப்ரவரி 10 வரை பதினான்கு மாதங்கள். 7 சதவீத விகிதத்தில் உயர்வு ஏறத்தாழ 8.17 சதவீதம். 33 லட்சம் ரூபாய் 35 லட்சத்து 69 ஆயிரத்து 500 ரூபாயாகிறது. தேவை 36 லட்சம். சுமார் 30,500 ரூபாய்க் குறைவால் மூன்றாவது பணி தகுதி பெறவில்லை. மூன்று பணிகளில் ஒன்று விழுந்தால் முழு விண்ணப்பமும் விழும். அவருடைய விலை உறை திறக்கப்படவே மாட்டாது.

நிறுத்தி வைத்த 4 லட்சத்தைப் பள்ளி 2025 டிசம்பரில் கொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிடித்த வரி, அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக் கணக்கில் வரும். அந்தக் காலாண்டின் டி.டி.எஸ். அறிக்கையைத் தாக்கல் செய்ய ஜனவரி 31 வரை அவகாசம். அதன்பின் 16ஏ படிவச் சான்றிதழை வழங்க மேலும் பதினைந்து நாட்கள், அதாவது பிப்ரவரி 15 வரை. டெண்டரின் கடைசி நாள் பிப்ரவரி 10. பள்ளியின் கணக்காளர் சட்டப்படி எந்தத் தாமதமும் செய்யாமலேயே, ஒப்பந்ததாரர் ஐந்து நாளில் வாய்ப்பை இழக்கலாம்.

இதற்குத் தீர்வு இருக்கிறது; ஆனால் ஜனவரி 20-ஆம் தேதியே கணக்குப் போட்டவருக்குத்தான் அது கிடைக்கும். ஜனவரி 31 வரை காத்திராமல் அறிக்கையை முன்கூட்டியே தாக்கல் செய்யும்படி பள்ளியைக் கேட்டுக்கொள்ளலாம். அறிக்கை பரிசீலிக்கப்பட்டதும் 16ஏ சான்றிதழை வருமான வரித் துறையின் தளத்திலிருந்து பதிவிறக்கித் தரச் சொல்லலாம். அப்படிச் செய்தால் பணியின் மதிப்பு முழு 37 லட்சமாகி, உயர்வுடன் 40 லட்சத்தைத் தாண்டும். மாறாக, அந்த 4 லட்சம் ஜனவரியில்தான் கைமாறியிருந்தால், அது ஜனவரி–மார்ச் காலாண்டில் போய்ச் சேரும். அதன் அறிக்கைக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. அந்தச் சான்றிதழை நம்பி இந்த டெண்டரில் இறங்குவது கடினம்.

ஆண்டு விற்றுமுதல் நிபந்தனையில் இவருக்குத் தொல்லையில்லை. மதிப்பீட்டில் 30 சதவீதம், அதாவது 27 லட்சம், கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரியாக வேண்டும் என்று அறிவிப்பு கேட்டால், இவருடைய 18, 44, 39 லட்சங்களின் சராசரி 33 லட்சத்துக்கு மேல் வருகிறது. விற்றுமுதலே இல்லாத ஆண்டையும் சேர்த்து மூன்றால் வகுப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

உத்யம் பதிவும் முன்வைப்புத் தொகையும்

இரண்டு சதவீத முன்வைப்புத் தொகை, அதாவது ஈ.எம்.டி., இந்தப் பணிக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். உத்யம் பதிவுச் சான்றிதழ் வைத்திருப்பதால் தமக்கு விலக்கு உண்டு என்று நம்பும் ஒப்பந்ததாரர்கள் ஏராளம். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் கொள்கை பொருள்களையும் சேவைகளையும் வாங்குவதற்கானது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அறிவிப்பே வெளிப்படையாக விலக்கு அளித்திருந்தாலொழிய, தொகைக்குப் பதில் உத்யம் சான்றிதழைப் பதிவேற்றுவது தொகையே செலுத்தாததற்குச் சமம்.

தொகையை வங்கி உத்தரவாதமாகத் தருவதென்றால் அதற்கும் ஒரு தேதி இருக்கிறது. விண்ணப்பம் 90 நாள் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பு கேட்டால், உத்தரவாதம் அதற்குமேல் 45 நாள் உயிரோடிருக்க வேண்டும் என்பதே பொது நிதி விதிகளின் வழக்கம். பிப்ரவரி 10-லிருந்து 135 நாள் என்றால் ஜூன் 25. மே மாதத்தோடு முடியும் உத்தரவாதம் தொகையில் சரியாக இருந்தும் நிராகரிக்கப்படும். வங்கிக்குப் போகவும் நாள் பார்க்க வேண்டும்: இந்த மூன்று வாரத்தில் ஜனவரி 24 நான்காவது சனிக்கிழமை, 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். தொடர்ந்து மூன்று நாள் வங்கிக் கதவு திறக்காது.

இத்தகைய குறைகளை நீதிமன்றம் மன்னிக்குமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. போதார் ஸ்டீல் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், டெண்டர் நிபந்தனைகளில் அடிப்படையானவை, துணையானவை என்று வேறுபாடு காட்டியது. குறிப்பிட்ட வங்கியின் வரைவோலைக்குப் பதிலாக வேறொரு வங்கி சான்றளித்த காசோலையை ஏற்ற அலுவலகத்தின் முடிவை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வழக்கில் குறையைப் பொறுத்துக்கொண்டது அலுவலகம். பொறுத்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தும் உரிமை ஒப்பந்ததாரருக்கு அதனால் கிடைத்துவிடவில்லை. நாக்பூர் மெட்ரோ தொடர்பான ஆப்கான்ஸ் வழக்கில் 2016-இல், டெண்டர் ஆவணத்தை எழுதியவரே அதன் பொருளை நன்கறிந்தவர் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஈ.எம்.டி. கட்டும் ஒருவருக்கு உயர் நீதிமன்ற வழக்குச் செலவு எவ்வளவு என்பதையும் சேர்த்தால், இந்தத் தீர்ப்புகளின் நடைமுறைப் பயன் குறைவே.

திரையில் உள்ள தேதிகள்

மத்திய மின்கொள்முதல் தளத்தில் ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு தேதிப் பெட்டி இருக்கும். அதில் Bid Submission End Date என்ற வரியை எல்லோரும் பார்க்கிறார்கள். Clarification End Date என்ற வரியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஏழாண்டுக் காலம் எப்படி எண்ணப்படும், விலை உயர்வு பொருந்துமா, எந்த நிலை அலுவலரின் சான்றிதழ் ஏற்கப்படும் என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டு, எல்லோரையும் கட்டுப்படுத்தும் பதிலைப் பெறும் வாய்ப்பு அந்த நாளோடு முடிகிறது. நமது எடுத்துக்காட்டில் அது ஜனவரி 30 என்றால், ஒப்பந்ததாரருக்கு உண்மையில் இருப்பது மூன்று வாரம் அல்ல, பத்து நாள்.

திருத்த அறிவிப்பு வந்தால் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். கடைசி நாள் பிப்ரவரி 20-க்குத் தள்ளிப்போனதாகக் கொள்வோம். பிப்ரவரி 15-இல் வரும் 16ஏ சான்றிதழ் இப்போது உதவும். அதே நேரத்தில் ஏழாண்டுக் காலமும் பத்து நாள் நகரும். 2019 பிப்ரவரி 12-இல் முடிந்த பணியைக் காட்டத் திட்டமிட்டிருந்த வேறொருவர் தகுதி இழப்பார். பழைய தேதியே தகுதிக்கு அளவாகத் தொடரும் என்று திருத்த அறிவிப்பு சொல்கிறதா என்பதைப் பார்த்த பின்பே மகிழவோ வருந்தவோ வேண்டும்.

கடைசி மணிநேரத்தின் விபத்துகள் தனி வகை. நேரத்தைத் தீர்மானிப்பது தளத்தின் சர்வர் கடிகாரம். ஒப்பந்ததாரரின் கணினிக் கடிகாரம் அல்ல. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் புதிதாகப் பெறச் சரிபார்ப்புக்கு நேரம் வேண்டும். விலைப் பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் அதை ஏற்காது. எல்லாவற்றையும் பதிவேற்றிய பின்னும் Freeze என்ற கடைசிப் பொத்தானை அழுத்தி ஒப்புகைச் சீட்டைப் பெறும்வரை விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படாது. முன்னதாகவே சமர்ப்பித்துவிட்டு, கடைசி நேரத்துக்குள் விலையைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கத் தளம் இடம் தருகிறது. எனவே விலையைக் கடைசிவரை யோசிப்பவரும் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது மட்டும் வேறு. அப்படிப் பெற்றவர் அதே டெண்டரில் மீண்டும் நுழைய முடியாது.

தொழில்நுட்ப உறையில் நிராகரிக்கப்பட்டவர் அதை எதிர்த்துக் கேட்பதற்கு ஆவணத்திலேயே வழி வைக்க வேண்டும் என்று பொது நிதி விதிகளின் 173-ஆவது விதி கூறுகிறது. விடுபட்ட ஆவணங்களை அலுவலகம் பின்னர் கேட்டுப் பெறுவதும் உண்டு. ஆனால் நிதி அமைச்சகத்தின் கொள்முதல் கையேடுகள் அதற்கு ஒரு எல்லை வைக்கின்றன: டெண்டர் திறக்கும் நாளுக்கு முன்பே இருந்த ஆவணமாக அது இருக்க வேண்டும். செயற்பொறியாளர் பிப்ரவரி 6-இல் ஒப்பமிட்ட நகராட்சிச் சான்றிதழ் பதிவேற்றத்தில் விடுபட்டிருந்தால் அலுவலகம் அதைக் கேட்க இடம் இருக்கிறது. டெண்டர் பிப்ரவரி 11-இல் திறக்கப்பட்டு, பள்ளியின் 16ஏ சான்றிதழ் பிப்ரவரி 12-இல் வழங்கப்பட்டிருந்தால் அந்த இடம் இல்லை.